பூதக்கண்ணாடி வைத்த தப்பு

அந்த மேலாளருக்கு அலுவலகம் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. தன் நிழலிடமே அடையாள அட்டை கேட்பார். கிளவுட் கணினி வேலைக்குப் புது ஆள் எடுக்க, கேள்வி பதில் கோப்பு தயாரித்தார். காப்பியடிப்பவர்களைப் பிடிக்க வேண்டுமென்றே அதில் ஒரு தப்பும் வைத்தார்: பாதுகாப்பான இணைய இணைப்புக்கான எச்டிடிபிஎஸ் போர்ட் எண் 443; அதை 434 என்று எழுதினார்.

வந்த மூன்று பேரும் கண் சிமிட்டாமல் 434 என்றார்கள். மூவரையும் அனுப்பிவிட்டு, நேர்முகத்தேர்வு ஏற்பாடு செய்யும் அக்காவை முறைத்தார்.

"கோப்பை வெளியே விட்டது நீதானே?"

"அதுல பாதி எனக்குப் புரியவே இல்ல சார், யாருக்குப் போய் விக்கிறது?"

நான்காவது பெண் செருப்புக்கடைக் கல்லாவில் உட்கார்ந்தபடியே படித்தவள். தோற்றால் மறுபடியும் கல்லாதான். அவள் 443 என்றாள்.

"மத்தவங்க வேற சொன்னாங்களே?"

"வேலை தேடுறவங்க குழுவுல உங்க கோப்போட லிங்க் வந்துச்சு சார். நானும் பாத்தேன். 434 தப்புன்னு தெரிஞ்சுது."

"லிங்க்கை யார் திருடினா?"

"திருடவே வேணாம் சார். கிளவுட்ல நீங்க கோப்பு வச்ச இடம், அந்த ஸ்டோரேஜ் பக்கெட், எல்லாருக்கும் திறந்து கிடக்கு." தன் போனில் லாகின் இல்லாமலே திறந்து காட்டினாள்.

பூதக்கண்ணாடி முகத்தில் ஈயாடவில்லை. "என் பாஸ்வேர்டு தரேன், உடனே மூடு."

"பாஸ்வேர்டை யாருக்கும் தராதீங்க சார். பப்ளிக் அக்சஸை நீங்களே நிறுத்துங்க, நான் வழி சொல்றேன்."

மூடி முடித்ததும் அவர் தொண்டையைச் செருமினார். "பாஸ்வேர்டு தரேன்னு சொன்னதுதான் என் கடைசிக் கேள்வி. பாஸாயிட்ட, வேலைக்கு வா."

அதை மட்டும் அக்கா இன்றுவரை நம்பவில்லை.