ஃபேனிலிருந்து விழுந்த முறுக்குக் கம்பி

மோட்டார் வைண்டிங் கடைக்கார அக்காவுக்கு இணையத்து ரிப்பேர் மன்றத்தில் தனி மவுசு. கருகின மோட்டார் சுருளின் படத்தைப் போட்டால் போதும், என்ன கோளாறு என்று புட்டுப் புட்டு வைப்பாள். வாயும் கொஞ்சம் நீளம். தப்பாகப் பதில் சொல்பவர்களை, “ஸ்குரூ டிரைவரைக் கீழ வெச்சுட்டுப் போங்க தம்பி” என்று ஓட ஓட விரட்டுவாள்.

அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துகொண்டே மன்றத்தைப் பார்த்தாள். புதுசாகச் சேர்ந்த ஒருவர் எழுதியிருந்தார்:

“வணக்கம், நான் இப்பதான் வேலை கத்துக்கிறேன். நேத்து எங்க வீட்டு சீலிங் ஃபேன் கட்டில் மேல விழுந்து உடைஞ்சுபோச்சு. பத்து நிமிஷம் முன்னாடிதான் அண்ணி குழந்தையைக் குளிப்பாட்டத் தூக்கிட்டுப் போனாங்க. உடைஞ்சதுல எல்லாப் பாகத்துக்கும் பேர் கண்டுபிடிச்சுட்டேன். இது மட்டும் என்னன்னு தெரியல.”

கீழே படம். உள்ளங்கையில் விரல்நுனி அளவு சிவப்பு இனாமல் பூசிய தாமிரக் கம்பி. மூணு முறுக்கு, கையைக் குத்தாமல் இருக்க முனை உள்பக்கம் மடக்கியிருந்தது. வளைவில் அறுந்திருந்தது.

“வைண்டிங் துண்டு, தூக்கிப் போடுங்க” என்று ஏற்கெனவே நாலு பேர் சொல்லிவிட்டார்கள்.

அக்கா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். அந்த முறுக்கு அவள் கை முறுக்கு. ஃபேனை அது தொங்குகிற கம்பிக்குழாயோடு சேர்க்கிற போல்ட்டின் நுனி ஓட்டையில் ஸ்பிளிட் பின் என்கிற இரட்டைக்கால் இரும்பு ஊசி போட வேண்டும். அதுதான் நட்டைக் கழலவிடாது. போன கோடையில் பின் தீர்ந்துபோன ஒரு வாரம், ‘இப்போதைக்கு இருக்கட்டும், அப்புறம் மாத்திக்கலாம்’ என்று மேசையில் கிடந்த தாமிரக் கம்பியை அந்த ஓட்டையில் கோத்து முறுக்கிவிட்டாள். மாற்ற மறந்தே போனாள். ஃபேன் அதிர அதிரத் தாமிரம் அறும், நட்டு கழலும், போல்ட் நழுவும். இது தெரியாதவளா அவள்?

வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. அந்த நினைப்பு வந்ததற்கே தன் மேல் அருவருப்பாக இருந்தது. பதில் அடித்தாள்:

“அது ஸ்பிளிட் பின் இருக்க வேண்டிய இடத்துல இருந்த கம்பி. அப்படிப் போடவே கூடாது. போட்டது நான்தான். மன்னிச்சுடுங்க, நேர்ல வர்றேன்.”

அந்த வாரம் மாட்டின ஃபேன் அது ஒன்று மட்டுமா? பழைய பில் புத்தகத்தை அள்ளிப் புரட்டினாள். இன்னும் மூன்று. முதல் நம்பருக்கு அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது.

ஒரு பெண் எடுத்தாள். குரல் கிசுகிசுப்பாக வந்தது.

“மெதுவாப் பேசுங்கக்கா. இப்பதான் பிள்ளைங்க எல்லாம் தூங்குச்சு. நீங்க மாட்டிக் குடுத்த ஃபேனுக்குக் கீழதான் வரிசையாப் படுத்திருக்குதுங்க.”

“எழுப்பு!” என்று அக்கா அலறினாள். “எல்லாரையும் எழுப்பு!”