முப்பது விநாடிக்குள் அடங்காத அழைப்பு

அக்காவின் கல்யாணத்துக்கு ஊர் ஊராகப் போய்ச் சொல்ல வேண்டிய நேரத்தில் அப்பா காலில் மாவுக்கட்டோடு கட்டிலில் கிடந்தார். தண்ணீர் மோட்டாரை நிறுத்தப் போன இடத்தில் பாசி வழுக்கிவிட்டது. எங்கள் பக்கம் கல்யாணம் சொல்வதென்றால் வீட்டுக்காரரே நேரில் போய், வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட வேண்டும். போனில் சொன்னால் சொன்னதாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதிலும் அம்மாவின் மூத்த அண்ணன், அப்பாவுக்கு அத்தான், மண்டைக்காட்டு மாமா, ரொம்பக் கறார். எங்கள் புது வீட்டுப் பால்காய்ப்புக்கு அப்பா போனில் கூப்பிட்டார் என்பதற்காகவே வராமல் இருந்தவர். தாய்மாமன் வராவிட்டால் அக்காவை மணவறைக்கு யார் கைபிடித்துக் கூட்டிப்போவது என்று அம்மா தினமும் புலம்பிக்கொண்டிருந்தாள்.

வீடியோ எடுக்கலாம் என்றது நான்தான். அப்பா கட்டிலில் சாய்ந்தபடி ஒவ்வொரு வீட்டையும் முறை சொல்லிக் கூப்பிடுவார். அதை அவர் போன் ஸ்டேட்டஸில் போட்டால் சொந்தக்காரர் எல்லோரும் பார்ப்பார்கள். அப்பாவுக்கு யோசனை பிடித்துவிட்டது.

"அத்தான போன்ல கூப்பிட்டது தப்புன்னுதானே சொன்னாவ. இப்போ நாலுபேரு பாக்க கூப்பிடுதேன். அதவிட என்ன மரியாதை வேணும்?"

அப்பா பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். ஸ்டேட்டஸில் அப்போது ஒரு துண்டுக்கு முப்பது விநாடிதான். இவரோ பிள்ளைகள் படிப்பு, மாட்டுக்குச் சுகமில்லாதது எல்லாம் விசாரித்து ஆறு நிமிடத்தைத் தாண்டிவிட்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். பின்னால் மெலிதாக நாதஸ்வரம் சேர்த்து, ஃபைல் பெரிதாக இருக்கிறதென்று ஒரு ஆப்பில் சுருக்கி, இன்னொரு ஆப்பில் 'முப்பது விநாடி, சமபாகம்' என்று தட்டினேன். வேகமாக வெட்டவா, துல்லியமாக வெட்டவா என்று கேட்டது. எனக்கு எதையும் நின்று பார்க்கிற பொறுமை கிடையாது. வேகம் என்றேன். நொடியில் வெட்டித் தந்தது.

சிக்னல்தான் உயிரை வாங்கியது. சேர்த்துப் போட்டால் சுற்றிக்கொண்டே நின்றது. ஒவ்வொன்றாகப் போட்டேன், ஒன்று ஏறி முடிந்தபின்தான் அடுத்தது, இல்லாவிட்டால் வரிசை மாறிவிடும். கடைசித் துண்டு ஏறும்போது மத்தியானச் சோறு ஆறிக் கிடந்தது.

முதல் போன் இராஜாக்கமங்கலத்திலிருந்து. அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி, எங்களுக்குச் சித்தப்பா. குரலில் ஒரே பூரிப்பு.

"அண்ணே, நான் இல்லாம மணவறையே இல்லன்னு சொல்லிட்டியள. முந்தின நாளே வந்திருவேன், கேட்டியளா."

அப்பா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அது அத்தான்கிட்டல்லா சொன்னேன்?"

மாமாவிடமிருந்து எதுவும் வரவில்லை. பார்த்தவர்கள் பட்டியலில் எல்லாத் துண்டுகளின் கீழும் அவர் பெயர் இருந்தது. சாயங்காலம் அம்மா கூப்பிட்டாள், எடுக்கவில்லை. பிறகு மாமி எடுத்து, "கூப்பிடாத வீட்டுக்கு எப்படி வருவாவ?" என்று கேட்டு வைத்துவிட்டாள்.

"ஏட்டி, என்னத்தப் பண்ணித் தொலச்ச?" அம்மா கத்தக்கூட இல்லை. அரிவாள்மணையை ஓரமாகத் தள்ளிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

துண்டுகளை எடுத்துப் பார்த்தேன். எதுவும் சரியாக முப்பது இல்லை. முதல் மூன்றும் முப்பத்திரண்டு, அடுத்தது இருபத்துநாலு. வீடியோவில் எல்லாப் படமும் முழுப்படமாக இருப்பதில்லை. இடைக்கிடையே ஒரு முழுப்படம், நடுவில் இருப்பதெல்லாம் அதிலிருந்து மாறியது மட்டும். வேகமாக வெட்டும் ஆப் முழுப்படம் வரும் இடத்தில்தான் வெட்டும். நான் சுருக்கியபோது அந்த முழுப்படங்கள் எட்டு விநாடிக்கு ஒன்றாகத் தள்ளிப்போயிருந்தன. ஸ்டேட்டஸோ முப்பதுக்கு மேல் இருந்ததைக் கேட்காமலே நறுக்கிவிட்டது. மூன்றாம் துண்டின் வாலில் போன இரண்டு விநாடியில் அப்பா சொன்னது, "மண்டைக்காட்டு அத்தான்" என்பது மட்டும். அதற்கு முன்னால் சித்தப்பாவைக் கூப்பிட்டிருந்தார். அடுத்த துண்டு, "நீங்க முந்தின நாளே வரணும், நீங்க இல்லாம மணவறை இல்ல" என்று தொடங்கியது. பார்த்தவர்களுக்கு எல்லாமே சித்தப்பாவுக்குச் சொன்னதாகத்தான் தெரியும்.

மறுநாள் காலை அப்பாவின் போனையும் வெற்றிலைப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். இடம் கிடைக்கவில்லை. இராஜாக்கமங்கலம் தாண்டும்போது சித்தப்பா கண்ணில் பட்டுவிடக் கூடாதே என்று ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றேன்.

மாமா கோவில் பக்கத்துப் பலசரக்குக் கடையில் இருந்தார். வா என்று சொல்லவில்லை. ஒரு சாக்கு மூட்டையை இழுத்துப் போட்டார். அதில் உட்கார்ந்து, வெட்டாத முழு வீடியோவைப் போட்டு நீட்டினேன். எடைபோட வந்த ஆளை நிறுத்திவிட்டுப் பார்த்தார். தன் முறை வந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார்.

"நேத்து இது இல்லியே."

"முப்பது செகண்டுக்கு மேல போகாது மாமா. மிச்சத்த அதுவே நறுக்கிட்டு."

"மாடு கழிஞ்ச கதை எல்லாம் முழுசா வந்திருக்கு. நான் மட்டும் மிச்சமாயிட்டேனா?"

எடைபோட வந்தவர் சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தெம்பில்லை. வெற்றிலையை எடுத்து வைத்தேன்.

"அது இருக்கட்டு. நாலுபேரு பாத்தது ஸ்டேட்டஸ்லதானே? அதுலயே சரியாக்கு. எங்கிட்ட மட்டும் காட்டினா அது போன்ல கூப்பிட்ட மாதிரிதான்."

அந்தச் சாக்கின் மேலேயே வேலையைத் தொடங்கினேன். சமபாகத்தை விட்டுவிட்டேன். அப்பா மூச்சு வாங்கும் இடமாகப் பார்த்து, ஒரு வீட்டுக்குச் சொன்னது ஒரே துண்டில் வரும்படி, முப்பதைத் தாண்டாமல் கையால் குறித்தேன். இந்த முறை துல்லியமாக வெட்டச் சொன்னேன். அது ஒவ்வொரு துண்டையும் புதிதாகச் செய்ய வேண்டியிருந்ததால் போன் சுட்டது, சார்ஜ் இறங்கியது. மாமா தன் சார்ஜரைக் கழற்றித் தந்தார். மாமி பால் விடாத ஒரு கட்டன்சாயா கொண்டுவந்து வைத்துவிட்டு, "படிச்ச பிள்ளைக்கு வந்த பாடு," என்றாள். பழையவற்றை அழித்துவிட்டு வரிசையாக ஏற்றினேன். கடைக்கு ஆட்கள் வந்து போனார்கள். நாதஸ்வரத்தைச் சேர்க்கவில்லை.

மாமா தன் போனில் முதலிலிருந்து பார்த்தார். தன் துண்டு வந்ததும் விரலை வைத்து அழுத்தி அப்படியே நிறுத்தினார். வாய் திறந்தபடி அப்பாவின் முகம் நின்றது.

"கால ஊன வேண்டாம்னு ஒங்க அப்பாட்ட சொல்லு," என்றார். "முந்தின நாளு நான் வந்து பாத்துக்கிடுதேன்."

அம்மாவுக்குப் போனில் சொன்னேன். சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் இடம் கிடைத்தது. கண்ணை மூடப் போகையில் அப்பாவின் போன் அடித்தது. சித்தப்பா.

"மக்கா, நீதானா? புதுசா போட்டிருக்கத பாத்தேன்." குரலில் நேற்றைய பூரிப்பு இல்லை. "அப்போ நான் முந்தின நாளு வரணுமா, வேண்டாமா?"

"வாங்க சித்தப்பா," என்றேன். "அப்பா ஒங்களையும் தனியா கூப்பிடுவாங்க. அது சின்ன வீடியோதான்."