மாலை நாலரைக்குப் பிந்திய ஆய்வகம்

தங்கபாய் இராஜபாளையத்தில் ஆஸ்பத்திரி பேண்டேஜ் துணி மடிக்கிற கம்பெனி ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள். கணவன் ஞானசிகாமணி ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் வேதியியல் ஆய்வக உதவியாளர். நான்கு வருடங்களுக்கு முன்பு, செய்முறைத் தேர்வு முடிந்த ஒரு மாலையில், கண்ணாடிச் சாமான்களைக் கழுவிவைக்கத் தனியாகத் தங்கியவர் அங்கேயே விழுந்துவிட்டார். இருட்டிய பிறகு, ஆய்வகக் கதவுக்கடியில் இருந்து தண்ணீர் வழிந்து வராந்தாவுக்கு வருவதை வாட்ச்மேன் பார்த்தான். உள்ளே குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதன் கீழே கிடந்தார்.

மாரடைப்பு, உயிர் நொடியில் போயிருக்கும் என்றார் டாக்டர். எல்லாரிடமும் டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று தங்கபாய் நினைத்தாள்.

கருணை அடிப்படையில் அந்த வேலை அவளுக்கே வந்தது. பத்தாவது பாஸ் செய்திருந்தாள், அது போதுமாயிருந்தது. கணவன் செத்த அறையின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தினமும் காலை பஸ் ஏறினாள். பகலில் அவளுக்கு ஒன்றும் இல்லை. பிள்ளைகளின் சத்தமும் அமில நெடியும் வேறெதற்கும் இடம் வைக்காது. ஆனால் சாயங்காலம் கடைசி மணி அடித்ததும் பூட்டைப் போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துவிடுவாள். வீட்டில் குழாய் திறந்தால்கூட வாளி நிறையும்வரை பக்கத்திலேயே நிற்பாள். தண்ணீர் விழும் சத்தத்துக்கு அடியில் யாரோ கூப்பிடுவது போலவே இருக்கும். அவர் கூப்பிட்டாரா, எத்தனை நேரம் கூப்பிட்டார், யார் காதிலும் விழாமலே போனாரா என்பதுதான் அவளைத் தின்றுகொண்டிருந்தது. மகள் பிரிஸ்கில்லாவிடம்கூட அதைச் சொன்னதில்லை.

அந்த வருடம் பள்ளி அறிவியல் மன்றத்தின் செயலாளராக இருந்தவள் நாகஜோதி, சுந்தரபாண்டியத்தில் இருந்து வரும் பதினோராம் வகுப்புப் பெண். தலைமையாசிரியர் அழகுராஜாவுக்கு அவள் எழுதிய முதல் கடிதம் நாலு வரிதான். மாவட்ட அறிவியல் கண்காட்சிக்காக ஆய்வகத்தைப் பயன்படுத்த அனுமதி வேண்டும் என்று இருந்தது. அவர் அதைத் திருப்பிக் கொடுத்தார்.

"என்னைக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை பேரு? என்ன கெமிக்கல் வேணும்? கூட எந்த டீச்சர் இருப்பாக? ஒண்ணுமே இல்லியேம்மா இதுல. நான் எதுக்குன்னு கையெழுத்துப் போடுவேன்?"

நாகஜோதி மறுபடி எழுதினாள். மன்றப் பொறுப்பாசிரியர் கனகலட்சுமி டீச்சர் வழியாக அனுப்பினாள்.

"பொருள்: குடிநீரின் கடினத்தன்மை பற்றிய ஆய்வுத் திட்டத்திற்கு வேதியியல் ஆய்வகத்தைப் பயன்படுத்த அனுமதி வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா, சுந்தரபாண்டியம், வன்னியம்பட்டி ஊர்களின் கிணற்று நீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் கொதிக்கவைப்பதற்கு முன்னும் பின்னும் சோதித்து ஒப்பிட எண்ணியுள்ளோம். பள்ளி நேரத்தில் ஆய்வகத்தில் செய்முறை வகுப்புகள் நடைபெறுவதால், வரும் மாதம் முழுவதும் செவ்வாய், வியாழக்கிழமைகளில் மாலை நாலரை மணி முதல் ஆறு மணி வரை எங்கள் ஐந்து பேருக்கு அனுமதி தர வேண்டுகிறோம். பொறுப்பாசிரியர் உடனிருப்பார். வேதிப்பொருள்களை எடுத்துத் தரவும் கருவிகளைத் திரும்பப் பெறவும் ஆய்வக உதவியாளர் உடனிருக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்."

தேவையான வேதிப்பொருள்களின் பட்டியலும் பெற்றோரின் சம்மதக் கையெழுத்துகளும் பின்னால் இணைக்கப்பட்டிருந்தன. தலைமையாசிரியருக்குத் திருப்தி. ஓரத்தில் பச்சை மையில் எழுதினார்: ஆய்வக உதவியாளரின் ஒப்புதல் பெற்று அனுமதிக்கலாம்.

அப்படித்தான் அந்தக் காகிதம் தங்கபாயின் மேசைக்கு வந்தது. நாலரை மணி என்ற இடத்துக்கு வந்ததும் அவள் கண் அதற்கு மேல் போகவில்லை.

தலைமையாசிரியர் அறைக்குப் போனாள். "சார், எனக்கு பஸ்ஸுக்கு நேரமாயிரும். நான் இருக்க முடியாது."

இராஜபாளையத்துக்கு எப்போதும் பஸ் உண்டு என்பது அழகுராஜாவுக்குத் தெரியாததல்ல. அவர் அவளையே பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார்.

"சரிம்மா. நான் வற்புறுத்த மாட்டேன். நீங்க இல்லாம லேப்பத் திறக்கவும் மாட்டேன். பிள்ளையகிட்ட முடியாதுன்னு சொல்லிருதேன்."

மறுநாள் மதியம் நாகஜோதி ஆய்வகத்துக்கு வந்தாள். சண்டை போட வருவாள் என்று தங்கபாய் நினைத்தாள். ஆனால் அவள் கையில் மூன்றாவதாக ஒரு கடிதம் இருந்தது.

"லேப் அம்மா, இதச் செத்த பாருங்க. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல கேட்டிருக்கேன். சாய்ங்காலம் உங்களுக்குத் தோதுப்படாதுன்னு சார் சொன்னாக."

"அப்போ எப்பட்டி சாப்பிடுவிய?"

"சாப்பாட்டு மணி அடிச்சதும் வேலைய ஆரம்பிச்சா பாதிதான் முடியும். மிச்சம் அடுத்த நாளு. சாப்பாட்ட சாய்ங்காலம் பஸ்ல சாப்பிட்டுக்கிடுதோம்."

"அப்படி என்னட்டி அந்தத் தண்ணியில இருக்கு?"

"எங்க வீட்டுல பருப்பு வேகாது. எம்புட்டு நேரம் அடுப்புல கிடந்தாலும் கல்லு கல்லா நிக்கும். எங்கம்மா அரிசி மில்லுக்குப் போயிட்டு வந்து அதோடதான் மல்லுக்கட்டுதாக. போர்த் தண்ணியா, கிணத்துத் தண்ணியா, எதுல வச்சா சீக்கிரம் வேகும்னு கண்டுபிடிச்சுட்டா சொல்லிரலாம்ல."

ஏன் சாயங்காலம் முடியாது என்று அந்தப் பெண் கேட்கவேயில்லை. அவள் பத்தாவது படிக்கத்தான் இந்தப் பள்ளிக்கு வந்தவள். அவளுக்குப் பழைய கதை தெரியாது. தங்கபாய் மூன்றாவது கடிதத்தை மடித்து அவளிடமே கொடுத்தாள். இரண்டாவதை எடுத்து, பச்சை மைக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

முதல் செவ்வாய்க்கிழமை கடைசி மணி அடித்தது. பள்ளிக்கூடம் தண்ணீர் வடிகிற மாதிரி காலியாயிற்று. வராந்தாவில் வெயில் சாய்ந்து விழுந்தது. நான்கு வருடமாக அவள் பார்க்காத வெளிச்சம் அது. அவர் கடைசியாகப் பார்த்தது இந்த வெளிச்சத்தைத்தான் என்று தோன்றியதும் வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். கனகலட்சுமி டீச்சர் வந்து அவள் தோளைத் தொட்டாள்.

பிள்ளைகள் வேலையைத் தொடங்கினார்கள். குடுவையில் அளந்த தண்ணீரில் அம்மோனியாக் கரைசலை ஊற்றியதும் நெடி மூக்கில் ஏறியது. "ஜன்னலத் திறங்க லேப் அம்மா" என்றாள் டீச்சர். கழுவுதொட்டிக்கு மேலிருந்த ஜன்னலைத் தங்கபாய் தள்ளித் திறந்தாள்.

பந்து அடிக்கும் சத்தம் முகத்துக்கு நேராக வந்தது. ஜன்னலுக்கு வெளியே, கூப்பிடு தூரத்துக்கும் குறைவாக, வாலிபால் மைதானம். பையன்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். விளையாட்டு ஆசிரியர் சௌந்தரபாண்டியனின் விசில் அவளுடைய காதுக்குள்ளேயே ஊதுவதுபோலக் கேட்டது. பகலில் அந்த மைதானம் வெறும் பொட்டல். சாயங்காலம் அங்கே ஆட்கள் இருப்பார்கள் என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

உள்ளே, பிள்ளைகள் நிறம்காட்டியைப் போட்டதும் தண்ணீர் ஒயின் சிவப்பானது. பியூரெட் என்கிற அளவுக் குழாயிலிருந்து சோதனைக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட, சட்டென்று நீலமாயிற்று. "மாறிருச்சு!" என்று கத்தினாள் நாகஜோதி. அந்தச் சத்தத்தில் தங்கபாயின் கையிலிருந்த தகரத் தட்டு நழுவித் தரையில் விழுந்தது.

வெளியே விசில் நின்றது. சௌந்தரபாண்டியன் ஓடிவந்து ஜன்னல் கம்பியைப் பிடித்தார். "என்னம்மா சத்தம்? யாருக்கும் ஒண்ணுமில்லியே?"

"தட்டுதான் சார் விழுந்துச்சு."

அவர் போகவில்லை. கம்பியைப் பிடித்தபடி நின்றார். தங்கபாய் மெதுவாகக் கேட்டாள்: "சார், அன்னைக்கும் நீங்க இங்கதான் இருந்தியளா?"

எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை. "இருந்தோம்மா. பொழுது அடையற வரைக்கும் ஆடுனோம். இந்த ஜன்னலும் தெறந்துதான் கெடந்துச்சு. தண்ணி விழுற சத்தம் கேட்டுச்சு. சாமான் கழுவுதாருன்னு நெனச்சேன்." "அவரு ஒரு சத்தம் போட்டிருந்தா, நாங்க கதவ ஒடச்சுக்கிட்டாவது வந்திருப்போம். நானும் எத்தனையோ தடவ நெனச்சுப் பாத்துட்டேன்மா. ஒரு சத்தமும் வரல."

அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் தங்கபாய் மகளிடம் சொன்னாள்: "உங்கப்பா கூப்பிடலட்டி. யாரையும் கூப்பிடல. கூப்பிட நேரமே இருந்திருக்காது."

பிரிஸ்கில்லா தாயின் மடியில் தலைவைத்துக்கொண்டு, "நான் தெனமும் அதத்தாம்மா நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன்" என்றாள். ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒரே சத்தத்தைத் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டு நான்கு வருடம் இருந்திருக்கிறார்கள்.

அந்த மாதம் முழுக்கச் செவ்வாயும் வியாழனும் தங்கபாய் ஆறு மணிவரை இருந்தாள். சுந்தரபாண்டியத்து ஆழ்துளைக் கிணற்று நீர்தான் மோசம். ஆனால் கொதிக்கவைத்து, ஆறவைத்து, வடிகட்டியதற்குப் பியூரெட் கரைசல் பாதிதான் செலவானது; கடினத்தன்மை பாதியாகக் குறைந்திருந்தது. ஊருக்குத் தெற்கே ஒரு தோட்டத்துக் கிணறு நல்ல நீர் என்று தெரியவந்தது. நாகஜோதியின் அம்மா பருப்புக்கு மட்டும் அங்கிருந்து ஒரு குடம் எடுக்கத் தொடங்கினாள். கண்காட்சியில் பரிசு கிடைக்கவில்லை. கலந்துகொண்டதற்குச் சான்றிதழ் தந்தார்கள்.

கடைசி வியாழக்கிழமை பிள்ளைகளும் டீச்சரும் கேட்டைத் தாண்டிப் போனபிறகு, தங்கபாய் கழுவுதொட்டி முன்னால் நின்றாள். குழாயைத் திறந்தாள். தண்ணீர் விழுந்தது. திறந்த ஜன்னலுக்கு வெளியே பந்து சத்தம். ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம் இருந்தது: உரக்கக் கத்த முடியாமல் மெதுவாகக் கூப்பிட்டிருந்தால், அது அவர்கள் காதில் விழுந்திருக்குமா? நெஞ்சைக் கையால் அழுத்திக்கொண்டு, மூச்சு அடைத்தவன் எப்படிக் கூப்பிடுவானோ அப்படி, அவர் தன்னைக் கூப்பிடுகிற பெயரைச் சொன்னாள்.

"தங்கம்."

பந்து எழும்பியது, விழுந்தது. விசில் ஊதியது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லிப் பார்க்கலாம் என்று வாயைத் திறந்தாள். முடியவில்லை. குழாயை மூடினாள்.

அடுத்த வருடம் புதிய செயலாளர் எழுதிய கடிதம் வந்தபோது, அவள் மறுக்காமல் கையெழுத்துப் போட்டாள். அதற்குக் கீழே தன் கையாலேயே ஒரு வரி சேர்த்தாள்: வேலை முடிந்த பிறகும் ஆய்வகத்தில் ஒருவரைத் தனியாக விட்டுவிட்டு மற்றவர்கள் போகக் கூடாது. தலைமையாசிரியர் அதைப் படித்தார், வாசகத்தை மாற்றவில்லை. அன்றிலிருந்து ஆய்வகம் கேட்டு வருகிற ஒவ்வொரு அனுமதிக் கடிதத்திலும் அந்த வரி இருக்கிறது. பிள்ளைகள் காரணம் தெரியாமலே அதை எழுதுகிறார்கள்.