ஏழாவது அடி வரை உட்காருங்க

என் மகளின் கல்யாணத்தில் அவள் என்னிடம் கேட்டது ஒன்றுதான். தாலி ஏறும்போது உம்மா அவள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

உம்மா என்று அவள் சொல்வது கூத்தாநல்லூரில் இருக்கும் ஒரு முஸ்லிம் அக்காவை. என் மகள் வளைகுடாவில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். அந்த அக்காவின் மகளும் அதே ஆஸ்பத்திரி, ஒரே அறை. போன முதல் வருஷமே என் மகளுக்கு டைபாய்டு வந்துவிட்டது. தன் மகளைப் பார்க்கப் போயிருந்த அக்கா, ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டைத் தள்ளிப்போட்டுவிட்டு, கஞ்சி வைத்துக் கொடுத்து இவளையும் பார்த்துக்கொண்டார். என் மனைவி அதற்கு முன்பே காலமாகிவிட்டாள். பாபநாசத்துப் பக்கத்தில் குத்தகை வயலில் நின்றுகொண்டு என்னால் போனில் அழத்தான் முடிந்தது.

பத்திரிகை வைக்க நானும் என் மைத்துனரும் கூத்தாநல்லூர் போனோம். அக்கா டீ கொடுத்துவிட்டு, நேராகவே பேசினார்.

"கல்யாணத்துக்கு மொத ஆளா வர்றேன் தம்பி. ஆனா மேடைக்குக் கூப்பிடாதீங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

"ஏங்க்கா?"

"எத்தனையோ கல்யாணத்துக்கு வந்திருக்கேன். ஐயர் ஏதோ சொல்லுவாரு, மேளம் அடிப்பாங்க, எல்லாரும் அரிசியத் தூவுவாங்க. அது சாமி கும்பிடுறதா, புள்ளைங்கள வாழ்த்துறதா? எனக்குத் தெரியாது. வாழ்த்துன்னா எம் புள்ளைக்கு என்னைவிட யாரு வாழ்த்தப்போறா? கும்பிடுறதுன்னா நான் அதுல சேர முடியாது. தெரியாம போய் நிக்க மனசு ஒப்பல. நீங்களே சொல்லுங்க, அவரு என்னதான் சொல்றாரு?"

என் கல்யாணத்தில் அதே மந்திரத்தை ஐயர் சொல்லச் சொல்ல நானும் திருப்பிச் சொன்னவன்தான். ஐம்பது வயதைத் தாண்டியும் அதற்கு என்ன அர்த்தம் என்று யாரையும் கேட்டதில்லை. மைத்துனர் முந்திக்கொண்டார். "எல்லாம் ஒண்ணுதாங்க. எல்லா சாமியும் ஒண்ணுதானே."

அக்கா சிரித்தார். அந்தச் சிரிப்பில் பதில் கிடைக்காத மனசு தெரிந்தது. வண்டியில் திரும்பும்போதே முடிவு செய்துவிட்டேன். என்ன சொல்கிறார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதை அவருக்குச் சொல்லியே தீருவது.

மறுநாள் எங்கள் ஐயர் வீட்டுக்குப் போனேன். நான் நாலு பேர் நடுவில் வாய் திறக்காதவன். கூட்டுறவு சங்கத்துக் கூட்டத்தில்கூடத் தூண் ஓரமாக நிற்பேன். வாசலில் கொஞ்ச நேரம் தயங்கிவிட்டுத்தான் கூப்பிட்டேன்.

"மாங்கல்யம்னு ஆரம்பிப்பீங்களே சாமி, அதுக்கு அர்த்தம் சொல்லணும். ஒவ்வொரு வார்த்தையா."

"முப்பது வருஷமா கல்யாணம் பண்ணி வைக்கறேன். சீக்கிரம் முடிங்கோன்னுதான் கேப்பா. அர்த்தம் கேட்டு யாரும் வந்ததில்லை" என்று சொல்லிக்கொண்டே பாயை விரித்தார்.

மாங்கல்யம் என்றால் மங்கலமான பொருள், நாம் தாலி என்கிறோம். தந்துனா அநேந, இந்தக் கயிற்றினாலே. மம ஜீவன ஹேதுனா, நான் உயிர் வாழக் காரணமாக இருக்கிற இதனாலே. கண்டே பத்நாமி, உன் கழுத்தில் கட்டுகிறேன். சுபகே, நல்ல பேறு உடையவளே. த்வம் ஜீவ சரதச் சதம், நீ நூறு சரத் காலம் வாழ்வாயாக.

"சரத் காலம்னா?"

"ஐப்பசி, கார்த்திகை. மழை விட்டு வானம் தெளியற காலம்னு சாஸ்திரத்துல."

"நமக்கு அப்பத்தானே சாமி அடைமழை? வயல்ல தண்ணிய வடிக்கவே நேரம் சரியா இருக்கும்."

"அதனால என்ன, நூறு வருஷம்னு வச்சுக்கோங்கோ."

நான் கேட்க வந்ததைக் கேட்டேன். இதில் சாமி பெயர் எங்கே வருகிறது? ஐயர் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். "இந்த சுலோகத்துல இல்லை. மாப்பிள்ளை பொண்ணுகிட்ட நேரா சொல்றது இது. ஆனா தாலிக்கு முன்னாடியே பூஜை பண்ணிடுவோம், அதுல அம்பாள் பேர் வரும்."

சப்தபதியையும் கேட்டேன். சப்த என்றால் ஏழு, பதம் என்றால் அடி. அக்னிக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை குனிந்து பெண்ணின் வலது காலைப் பெருவிரலோடு பிடித்து, ஒவ்வொரு அடியாக எடுத்து வைக்கச் செய்வார். முதல் அடி உணவுக்கு. இரண்டாவது பலத்துக்கு. மூன்றாவது எடுத்துக்கொண்ட விரதத்துக்கு. நாலாவது சுகத்துக்கு. ஐந்தாவது ஆடு மாடுகளுக்கு. ஆறாவது பருவங்களுக்கு. ஏழாவது வேள்விக் கடமைகளுக்கு.

"சோறு, பலம், மாடு, பருவம். இது குடியானவன் பேச்சாட்டம் இருக்கே சாமி" என்றேன்.

"ஆனா இங்க சாமி பேர் உண்டு. ஒவ்வொரு அடிக்கும், விஷ்ணு உன்னைப் பின்தொடர்ந்து வரட்டும்னு சேத்துச் சொல்லுவோம். ஏழாவது அடி ஆனதும், நாம சிநேகிதாளாயிட்டோம், உன் சிநேகத்தை விட்டு நான் விலக மாட்டேன், நீயும் விலகாதேன்னு வரும். சப்தபதி பண்ற கல்யாணத்துல அந்த ஏழாவது அடி வச்சாத்தான் பூர்த்தி. சட்டமே அப்படித்தான் சொல்றது. ஆனா அதுக்குள்ள மண்டபம் காலியாயிடும். எல்லாரும் பந்தியில இருப்பா."

"நீங்களே இத மைக்குல சொல்லிடுங்களேன். வேற மதத்துக்காரங்களும் வருவாங்க, எல்லாருக்கும் புரியும்."

"எனக்கு மந்திர வரிசை தப்பிடும். தாலி கட்டறச்சே கெட்டிமேளம், நான் கத்தினாலும் கேக்காது. நடுவுல நிறுத்தித் தரேன். நீங்க சொல்லுங்கோ."

சரி என்றேன்.

அறுவடை முடிந்த வயலில் வைக்கோல் கட்டும்போதும், எக்ஸெல் மொபெட்டில் போகும்போதும் வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். சம்பந்தியிடம் அனுமதி கேட்டேன். "தாராளமா பேசுங்க, முகூர்த்தம் மட்டும் தவறக் கூடாது" என்றார். மைத்துனர்தான் விடவில்லை.

"மச்சான், மாங்கல்யத்த மட்டும் சொல்லுங்க, அழகா இருக்கு. விஷ்ணு சங்கதிய முழுங்கிடுங்க. அந்தம்மா நின்னுட்டுப் போவட்டும், பொண்ணு ஆசையும் நிறைவேறிடும். யாருக்குத் தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியுமே."

"சொன்னா அவங்க எறங்கிப் போயிடுவாங்க. பொண்ணு மேடையில அழுதுகிட்டு நிக்கும். பரவால்லையா?"

அது எனக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் அக்கா கேட்டது இதைத்தான். அதை மறைத்து அவரை நிற்க வைத்தால், அவர் நின்றதாக ஆகாது. "முழுசா சொல்லுவேன்" என்றேன்.

கல்யாணத்தன்று மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அக்கா, அவர் மகள், ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கிறிஸ்தவ நர்ஸ்கள் இரண்டு பேர். மனைவி இல்லாததால் தாரை வார்க்க என் அண்ணனும் அண்ணியும் உட்கார்ந்தார்கள். நான் ஓரமாக, மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தாலிக்குப் பூஜை முடிந்ததும் ஐயர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

"எல்லாருக்கும் வணக்கம். நம்ம கல்யாணத்துக்கு வேற மதத்துக்காரங்களும் வந்திருக்காங்க. இங்க என்ன நடக்குதுன்னு அவங்களுக்குத் தெரியணும். எனக்கே இப்பத்தான் தெரிஞ்சுது."

யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு தைரியம் கொடுத்தது. தாலித் தட்டு இப்போது உங்களிடம் வரும், தொட்டு ஆசீர்வதிக்கலாம், ஆனால் தாலி அம்பாள் பேரைச் சொல்லிப் பூஜை செய்தது, தொடுவதும் தொடாததும் உங்கள் விருப்பம் என்றேன். அட்சதை என்பது உடையாத அரிசி, எங்கள் வயலில் விளைந்தது, அண்ணி நொய்யைப் பொறுக்கி எடுத்து மஞ்சள் சேர்த்தது, இவர்கள் வாழ்வும் உடையாமல் இருக்கட்டும் என்று போடுவது என்றேன். பிறகு மாங்கல்ய சுலோகத்தை வார்த்தை வார்த்தையாகச் சொன்னேன். இதில் சாமி பெயர் இல்லை, ஒரு ஆண் ஒரு பெண்ணிடம் சொல்வது என்றும் சொன்னேன்.

தட்டு அக்காவிடம் வந்தது. அவர் தொடவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாக நகர்த்திவிட்டு எழுந்தார். படியேறி வந்து என் மகளின் வலது பக்கம் நின்றார். என் மகள் தலையை நிமிர்த்தாமலே அவர் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

கெட்டிமேளம் முழங்கியது. மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட, மற்ற இரண்டையும் அவர் தங்கை போட்டார். எல்லோரும் அட்சதை தூவினார்கள். அக்கா இரண்டு கைகளையும் விரித்து, உதடு அசையத் தன் வழியில் துவா செய்தார்.

அதோடு ஐயர் சொன்னது நடந்தது. நாற்காலிகள் நகர்ந்தன. "பந்தி ரெடி" என்று சமையல்காரர் குரல் கொடுத்தார். கூட்டம் சாப்பாட்டுக் கூடத்தை நோக்கிப் போக ஆரம்பித்தது. நான் மைக்கை வாயருகே கொண்டுபோனேன்.

"யாரும் போவாதீங்க. கல்யாணம் இன்னும் முடியல. ஏழாவது அடி வரைக்கும் உட்காருங்க."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "சாம்பார் ஆறிடும்யா" என்றார்.

"ஆறட்டுங்க, சுட வச்சுக்கலாம். உட்காருங்க."

உட்கார்ந்தார்கள். ஏழு அடிகளையும் சொன்னேன். மைத்துனர் கீழே நின்று வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். "ஒவ்வொரு அடியிலயும் விஷ்ணு உன்னைப் பின்தொடரட்டும்னு வரும்" என்று சொல்லி முடித்தேன்.

அக்கா என் மகளின் காதில் ஏதோ சொன்னார். சேலை நுனியை அவள் விரல்களிலிருந்து விடுவித்தார். படியிறங்கினார். மைத்துனர் என்னைப் பார்த்த பார்வையை மறக்க முடியாது. மகள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

ஆனால் அக்கா போகவில்லை. மேடைக்குக் கீழே, முதல் படிக்கு அருகிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை குனிந்து என் மகளின் காலைப் பிடித்தார். ஒன்று, இரண்டு என்று நர்ஸ்கள் வாய்விட்டே எண்ணினார்கள். ஏழாவது அடி வைத்ததும் ஐயர் நிறுத்தினார். நான் கடைசி வாசகத்தைச் சொன்னேன். நாம் சிநேகிதர்கள் ஆகிவிட்டோம், உன் சிநேகத்தை விட்டு நான் விலக மாட்டேன், நீயும் விலகாதே.

அக்கா மறுபடி படியேறினார். விட்ட இடத்திலேயே வந்து நின்றார். என் மகள் அப்போதுதான் அழுதாள். அக்கா தன் முந்தானையால் அவள் கண்மையைத் துடைத்துவிட்டு, "போட்டோ எடுக்கணும், மூஞ்சியக் கெடுத்துக்காத" என்று அதட்டினார்.

பிறகு என் பக்கம் திரும்பினார். "எங்க நிக்கணும், எங்க எறங்கணும்னு எனக்குத் தெரியவச்சீங்க தம்பி. நீங்க அத மறைச்சிருந்தா இன்னிக்குப் பூரா நின்னிருப்பேன். அப்புறம் யாராச்சும் சொல்லித் தெரிஞ்சா, உங்க வீட்டு வாசல் மிதிச்சிருக்க மாட்டேன்."

மைக் இன்னும் கையிலேயே இருந்தது. அதை அணைக்க மறந்திருந்தேன் போல, அவர் சொன்னது மண்டபம் முழுக்கக் கேட்டிருந்தது. மைத்துனர் தலையைச் சொறிந்துகொண்டே வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"இப்பவாச்சும் சாப்பிடப் போவலாமா மச்சான்?"

என் மகள் ஒரு கையில் மாப்பிள்ளையையும் மறு கையில் உம்மாவையும் பிடித்துக்கொண்டு பந்திக்கு நடந்தாள். நான் அவர்களுக்குப் பின்னால் போனேன். சாம்பார் ஆறித்தான் போயிருந்தது.