சத்தம் வைக்காமல் பார்ப்பவனுக்கு

எங்கள் பங்குக் கோயிலின் வீடியோக்களுக்குக் கேப்ஷன் எழுதுவது நான்தான். ராயபுரத்தில் அந்த வேலைக்கு வேறு யாரும் போட்டிக்கு வரவில்லை. சம்பளம் கிடையாது, பாராட்டு கிடையாது, திட்டு மட்டும் தவறாமல் வரும். என் வீட்டுக்காரர் இறந்த பிறகு "கொஞ்ச நாள் ஓய்வெடும்மா" என்று ஃபாதர் சொன்னார். ஓய்வெடுத்து என்ன செய்ய? சுவரைப் பார்க்கவா? அடக்கம் முடிந்த அடுத்த வாரமே எழுத உட்கார்ந்துவிட்டேன். அதற்கு மனசு தேவைப்படவில்லை, கை போதும். அதற்குப் பிறகு ஒரு வருஷம் முழுக்க எனக்குக் கை மட்டும்தான் வேலை செய்தது.

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. மதியம் சாப்பிட்ட கையைக் கழுவிவிட்டு, அங்கேயே போனில் எழுதுவேன். செவ்வாய்க்கிழமை நவநாள் பிரசங்கத்தில் ஒரு நிமிஷம், ஞாயிறு பிரசங்கத்தில் ஒரு நிமிஷம். போன் தானாகவே எழுதித் தரும் தமிழை நம்பினால் "நற்கருணை" என்னென்னவோ ஆகிவிடும். அதனால் காதில் கேட்டுக் கேட்டுக் கையால்தான் அடிப்பேன்.

எங்கள் ஜனம் சத்தம் வைத்துப் பார்க்காது. எண்ணூர் ரோட்டில் டிரெய்லர் வரிசையில் நிற்கிற டிரைவர், ஷேர் ஆட்டோவில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற அக்கா, கடையில் முதலாளிக்குத் தெரியாமல் போனைப் பார்க்கிற பெண் எல்லோருக்கும் வீடியோ தானாக ஓடும், ஊமையாக ஓடும். முதல் இரண்டு மூன்று விநாடிக்குள் ஒரு வரி கண்ணில் மாட்டவில்லை என்றால் கட்டைவிரல் மேலே தள்ளிவிட்டுப் போய்விடும். ஆகவே ஒரு நேரத்தில் இரண்டு வரி, வரிக்கு நாலைந்து வார்த்தை, படித்து முடிக்கிற வரை நிற்க வேண்டும். திரையின் அடியில் பேரும் பட்டன்களும் மறைக்கும், அதனால் எழுத்து கொஞ்சம் மேலே ஏறி இருக்க வேண்டும். எழுந்தேற்றத்தின்போது மட்டும் எழுத்தே கூடாது. அப்பத்தை உயர்த்துகிற நேரத்தில் அதன் மேல் எழுத்து ஓடினால், அன்றைக்கு நான் தெருவில் நடக்க முடியாது.

மொழிதான் பெரிய பேஜாரு. ஆரம்பத்தில் ஃபாதர் பேசியதை அப்படியே போட்டேன். அவர் தெற்கத்திக்காரர், பீடத்தில் ஏறினால் "திருவாய் மலர்ந்தருளினார்" என்பார். கீழே ஒருவர் எழுதினார்: "இன்னாபா சொல்றாரு, ஒண்ணும் பிரியல." சரி என்று அடுத்த வாரம் "மாதாகிட்ட கேளு, தருவா" என்று போட்டேன். அன்று சாயங்காலமே, எங்கள் தெரு ஜெபக்குழுவான அன்பியத்துப் பெண்கள் நாலு பேர் வீட்டு வாசலில். "மாதா இன்னா உன் எதிர்வூட்டுக்காரியா? தருவாவாம், தருவா!" அவர்கள் சொன்னதும் நியாயம்தான். அப்புறம் ஒரு வழி பிடித்தேன். கடவுளுக்கும் மாதாவுக்கும் உரிய பெயரையும் மரியாதையையும் குறைப்பதில்லை. வேதவசனத்தில் ஒரு எழுத்தும் தொடுவதில்லை. வினைச்சொல்லை மட்டும் வீட்டுக்குள் பேசுகிற மாதிரி வைப்பேன். "மாதா கேக்குறாங்க. சொல்லுங்க." அவ்வளவுதான். டிரைவருக்கும் புரிந்தது, அன்பியமும் வாயை மூடிக்கொண்டது.

அந்த டிரைவர்களில் ஒருவன் என் கொழுந்தன். வீட்டுக்காரரின் ஒரே தம்பி. காத்திவாக்கத்தில் இருக்கிறான், துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறான். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அவன் தன் விருப்பத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டான். இவர் நடுத்தெருவில் நின்று அந்தப் பெண்ணைக் கேட்கக் கூடாத வார்த்தை கேட்டார். அதோடு சரி. அண்ணனும் தம்பியும் பேச்சு இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே தலைக்கனம், ஒரு வயிற்றில் பிறந்தது பொய்யாகுமா? ஆனால் நான் போடுகிற ஒவ்வொரு வீடியோவுக்கும் அடியில் அவன் லைக் போட்ட கட்டைவிரல் இருக்கும். ஒரு வார்த்தை எழுத மாட்டான். விரல் மட்டும். நானும் ஒன்றும் எழுதியதில்லை.

அவர் செத்த அன்றும் அவன் வீட்டுக்கு வரவில்லை. கல்லறைக்கு வந்தான். கேட்டுக்கு வெளியே, காக்கிச் சட்டையோடு நின்றான். நான் பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். நான் ஒரு கை அசைத்திருந்தால் உள்ளே வந்திருப்பான். நாலு வருஷம் அண்ணனை எட்டிப் பார்க்காதவன் இப்போது மட்டும் எதற்கு என்று ஒரு கோபம். முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சவப்பெட்டியைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் தூக்கினார்கள். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

முதலாம் ஆண்டு நினைவுப் பூசையில் ஃபாதர் பிரசங்கம் வைத்தார். நான் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். யாருக்கோ நடக்கிற பூசை மாதிரி இருந்தது. அழவேண்டிய இடத்தில் விசிறி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் மதியம் அந்த ஒரு நிமிஷத்தைப் போனில் போட்டுக் கேட்டபோதுதான் வார்த்தை காதில் ஏறியது. "மரணப் படுக்கையிலும் தம் இளவலை மனதார மன்னித்து, இறை இரக்கத்தின் சாட்சியாகத் திகழ்ந்தார்."

யார், என் வீட்டுக்காரரா? மன்னித்தாரா? அந்த மனுஷன் வாயில் மன்னிப்பு என்ற வார்த்தையே வராது. அதுவும் தம்பி பெண்டாட்டியைத் தரக்குறைவாகப் பேசியது இவர், இவர் எதை மன்னிப்பது? கொழுந்தன் இதை டிரெய்லர் வரிசையில் நின்றுகொண்டு படிப்பான். "இவரு இன்னா என்னை மன்னிக்கிறது" என்று போனைத் தூக்கி டேஷ்போர்டில் அடிப்பான். அதோடு அந்தக் கட்டைவிரலும் வராது.

சாயங்காலம் ஃபாதரைப் போய்ப் பார்த்தேன். "அவர் நிஜமா என்ன சொன்னார் ஃபாதர்?"

ஃபாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாவசங்கீர்த்தனத்தில் சொன்னது இல்லைம்மா, அதனால் சொல்லலாம். அவருக்குக் கடைசி எண்ணெய் பூசி ஜெபித்துவிட்டுச் சும்மா பேசிக்கொண்டிருந்தோம். நீங்கள் மருந்து வாங்கப் போயிருந்தீர்கள். அவர் பேசினது பீடத்தில் நின்று சொல்கிற மாதிரி இல்லை."

"பரவாயில்லை, சொல்லுங்க."

அவர் எங்கள் ஊர்ப் பேச்சைத் தயங்கித் தயங்கிச் சொன்னார். "'ஃபாதர், என் தம்பி வந்தா ஒண்ணும் கேக்காதீங்க. நான்தான் அவனாண்ட கலீஜா பேசிட்டேன். நான் பூட்டா பொட்டிய முன்னாடி அவன்தான் தூக்கணும். வேற யாரு தூக்குனாலும் எனக்கு சரிப்படாது.'"

அன்றைக்குப் பெட்டியைத் தூக்கியவர்கள் யார் யார் என்று மனசுக்குள் எண்ணினேன். ஃபாதர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"மறுநாள் வெளியூருக்குத் தியானத்துக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அடக்கம் முடிந்துவிட்டது. இனிமேல் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன். தப்புதான்."

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். ஃபாதர் பேசியதையே அழகாக எழுதிப் போட்டால் யாரும் என்னை ஒன்றும் கேட்கப்போவதில்லை. கொழுந்தனுக்குக் கோபம் வரும், போகட்டும், அது பழைய கோபம். என் வீட்டுக்காரர் சொன்னதை எழுதினால் அவனுக்குத் தெரிந்துவிடும், பெட்டி அவனுக்காகக் காத்திருந்தது என்று. கேட்டுக்கு உள்ளே நின்று முகத்தைத் திருப்பியவள் நான் என்பது அவனுக்கு ஏற்கெனவே தெரியும். பெரிய வார்த்தைக்குப் பின்னால் நான் சௌகரியமாக ஒளிந்துகொள்ளலாம். இரண்டு நாள் ஒளிந்துகொண்டுதான் இருந்தேன். சாப்பிட்டேன், யார்டுக்குப் போனேன், வந்தேன். பயமாகக்கூட இல்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மூன்றாம் நாள் ஃபாதரிடம் போய், "வாய் ஒன்று பேச, எழுத்து ஒன்று சொல்லக் கூடாது. சத்தம் வைத்துக் கேட்கிறவர்கள் பிடித்துக்கொள்வார்கள். திரும்பப் பேசுங்கள்" என்றேன். அவர் மறுக்கவில்லை. பீடத்துக்குப் பின்னால் இருக்கிற சக்ரீஸ்து அறையில் ஜன்னல் பக்கம் நின்றார், நானே போனில் எடுத்தேன். "கலீஜா" என்று சொல்லும்போது மட்டும் கொஞ்சம் கூச்சப்பட்டார். கடைசியில் அவருடைய பாஷையில் ஒரு ஜெபம் சொன்னார். அதில் நான் கை வைக்கவில்லை.

வழக்கமாக நினைவு வீடியோ என்றால் முதலில் படம், மெழுகுவர்த்தி, "இறைவனில் இளைப்பாறும்" என்று வரும். அதைப் பார்த்ததும் எல்லோரும் தள்ளிவிடுவார்கள், யாரோ செத்த வீடு என்று. நான் அதைக் கடைசிக்குக் கொண்டுபோனேன். முதல் வரியாக வைத்தது இது: "என் தம்பி வந்தா / ஒண்ணும் கேக்காதீங்க." அப்புறம் மற்றது, இரண்டிரண்டு வரியாக. "பொட்டிய முன்னாடி / அவன்தான் தூக்கணும்" என்பதை நாலு விநாடி நிற்கவிட்டேன். எழுத்துநடை சரியில்லை என்று அன்பியத்துக்காரி ஒருத்தி போன் செய்தாள். "செத்தவர் பேசினதும்மா, திருத்த அவரைத்தான் கேக்கணும்" என்றேன். வைத்துவிட்டாள்.

அவனுடைய கட்டைவிரல் வரவில்லை. அன்றும் இல்லை, மறுநாளும் இல்லை. நாலாம் நாள், ஞாயிறு காலை, நான் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது அவனே வாசலில் நின்றான். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"எண்ணூர் ரோட்டுல வண்டிய போட்டுக்கினு பார்த்தேன். சத்தம் வைக்கல. அது அண்ணன் சொன்னதா, நீ எழுதினதா அண்ணி?"

"அவர் சொன்னது."

"அப்டியேவா?"

"அப்படியே."

அவன் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டான். "அன்னிக்கு நீ என்னைப் பார்த்தே இல்ல?"

"பார்த்தேன்."

"கூப்ட்டிருந்தா வந்திருப்பேன்."

"தெரியும். கோவத்துல கூப்பிடல. தப்பு என்னோடது."

"இத்த நீ போடாம வுட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

"ஆமா."

"அப்பறம் இன்னாத்துக்குப் போட்டே?"

 இத்தனை வருஷம் எல்லோருக்கும் வார்த்தை பொறுக்கிக் கொடுத்தவள், ஈரக்கையோடு நின்றேன். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நான் கல்லறைக்குப் போறேன். நீ வராத. உன்கூடப் பேச எனக்கு நாளாவும் அண்ணி."

"சரி" என்றேன்.

அவன் படி இறங்கிப் போனான். நான் உள்ளே வந்து, மீனை அப்படியே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். வலித்தது. அவர் செத்து ஒரு வருஷம் கழித்து, அன்றைக்குத்தான் எனக்கு வலித்தது.