போனஸ் பங்கும் என் பாதியும்

அப்பா இறந்தபோது இரண்டு நிறுவனங்களின் பங்குகளை விட்டுச் சென்றிருந்தார். ஒன்று செம்பனை எண்ணெய் நிறுவனம், மற்றது கையுறை தயாரிக்கும் நிறுவனம். ஒவ்வொன்றிலும் இரண்டாயிரம் பங்குகள். உயில் எழுதவில்லை. அம்மா முன்னரே போய்விட்டார். வாரிசுகள் அண்ணனும் நானும்தான், ஆளுக்குப் பாதி. சொத்தை நிர்வகிக்கும் பொறுப்பை அண்ணன் ஏற்றார். சுங்கை பட்டாணியில் இரும்புச் சாமான் கடை வைத்திருப்பவர், விவரமானவர் என்று நானும் சம்மதித்தேன்.

நீதிமன்ற வேலை முடிவதற்குள் இரண்டு பங்குகளிலும் ஒவ்வொரு மாற்றம் நடந்துவிட்டது. செம்பனை நிறுவனம் ஒவ்வொரு பங்கையும் இரண்டாகப் பிரித்தது. கையுறை நிறுவனம் ஒரு பங்குக்கு ஒரு போனஸ் பங்கு கொடுத்தது. இரண்டாயிரம் இருந்த இடத்தில் இரண்டிலும் நாலாயிரம் ஆனது.

பிரிவினைக்காக வழக்கறிஞர் அலுவலகத்தில் உட்கார்ந்தோம். அண்ணன், அவருக்குத் துணையாகப் பக்கத்து ஊரான செமிலிங்கிலிருந்து வந்த தாய்மாமா, நான். வழக்கறிஞரம்மா அண்ணன் சொல்லியிருந்த கணக்கை வாசித்தார். செம்பனையில் ஆளுக்கு இரண்டாயிரம். கையுறையில் எனக்கு ஆயிரம், அண்ணனுக்கு மூவாயிரம்.

"இது என்ன அண்ணே கணக்கு?" என்றேன்.

"செம்பனை, இருந்ததையே வெட்டுனது. அதான் சமமா குடுத்துட்டேன். கையுறையில அப்பா வெச்சுட்டுப் போனது ரெண்டாயிரம்தான். உனக்கு ஆயிரம். மத்ததெல்லாம் கம்பெனி சும்மா குடுத்த போனஸ். கோர்ட்டுக்கும் புரோக்கருக்கும் அலைஞ்சது நான்தானே?"

"அண்ணன் சொல்றது நியாயம்தான் லா," என்றார் மாமா. "வீட்டுக்குள்ள சண்டை வேணாம். போட்டுடும்மா கையெழுத்தை."

வழக்கறிஞரம்மா பேனாவை என் பக்கம் நகர்த்தினார். பாக்கார் ஆராங்கில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் எத்தனையோ வருடமாக வேலை செய்கிறேன். என்னிடமே இந்தக் கணக்கா?

"போட மாட்டேன்," என்றேன்.

கைப்பேசியில் பழைய பங்கு விலையை ரிங்கிட்டில் எடுத்து மேசையில் வைத்தேன். "போனஸுக்கு முந்தின நாள் ஒரு பங்கு எட்டு வெள்ளி. ரெண்டாயிரம் பங்கு, பதினாறாயிரம் வெள்ளி. அன்னைக்குப் பிரிச்சிருந்தா எனக்கு எட்டாயிரம். மறுநாள் காலையில நாலு வெள்ளி. நாலாயிரம் பங்கு, அதே பதினாறாயிரம். உங்க கணக்குப்படி எனக்கு ஆயிரம் பங்குன்னா நாலாயிரம் வெள்ளி. மீதி நாலாயிரம் ஒரே ராத்திரியில எங்க போச்சு அண்ணே?"

"மார்க்கெட் விழுந்துச்சு. அதுக்கு நான் என்ன பண்றது?"

"மார்க்கெட் திறக்கறதுக்கு முன்னாலயே பங்குச்சந்தை அந்த விலையைப் பாதியாக்கிடுச்சு. யாரும் விக்கல, வாங்கல. பங்கு ரெண்டாச்சு, விலை பாதியாச்சு, அவ்வளவுதான். செம்பனையிலயும் இதேதான். ஆறு வெள்ளி மூணு வெள்ளி ஆச்சு. அதை மட்டும் எப்படி ஒத்துக்கிட்டீங்க?"

"ரெண்டும் ஒண்ணா? போனஸ் கம்பெனி லாபத்துலேர்ந்து வருது!"

"வரல அண்ணே. சேர்த்து வெச்ச லாபத்தைக் கம்பெனி தன் கணக்குலயே மூலதனம்னு மாத்தி எழுதிக்கிச்சு. ஒரு காசு வெளியே வரல. பங்கைப் பிரிக்கிறப்ப அந்த மாத்தலும் கிடையாது. எழுதற விதம்தான் வேற. நம்ம கையில இருக்கற மொத்தம் ரெண்டுலயும் மாறல."

"பொம்பளைப் பிள்ள இவ்வளவு பேசக்கூடாது," என்றார் மாமா.

"என் பாதியைப் பத்தி நான்தான் மாமா பேசணும். சரி, அப்பாவோட பங்குக் கணக்குல மொத்தமா நாலாயிரம்னுதானே இருக்கு? அதுல எது அப்பாவோடது, எது போனஸ்னு தொட்டுக் காட்டுங்க."

நான் வழக்கறிஞரம்மாவைப் பார்த்தேன். அவர் பேனாவைத் தன் பக்கமே இழுத்துக்கொண்டு, "இறந்தவரோட பங்குக்கு வந்த போனஸும் அவர் சொத்துலதான் சேரும். நீங்க சம்மதிச்சுக் கையெழுத்துப் போடலேன்னா சரிபாதிதான் பிரிக்கணும்," என்றார்.

அண்ணன் எழுந்து வெளியே போய்விட்டார். பின்னாலேயே மாமாவும் போனார். கேள்வி கேட்ட நான் மட்டும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு மாமா தொலைபேசியில் அழைத்து, மன்னிப்புக் கேட்டால் அண்ணன் சமாதானமாகிவிடுவார் என்றார். எதற்கு மன்னிப்பு என்று கேட்டேன். அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். கையுறையில் இரண்டாயிரம் பங்குகள் என் பெயருக்கு மாறியபோது வாழ்த்தச் சொந்தத்தில் யாரும் இல்லை.

அந்தத் தீபாவளிக்கு அண்ணன் வீட்டிலிருந்து அழைப்பு வரவில்லை. நான் பலகாரத்தைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினேன். திறந்தவர் அண்ணன். ஒரு நிமிடம் வழியை மறித்தபடியே நின்றார்.

"இது என் அண்ணன் வீடு," என்றேன். "உள்ளே வரப் போறேன்."

அவர் நகர்ந்தார். நான் கூடத்தில் உட்கார்ந்து, அண்ணி கொண்டுவந்த தேநீரை மெதுவாக, முழுவதும் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.