மாடியில் நான் எண்ணாத சோப்புகள்

சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஒரு சோப்பு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். தேங்காய் எண்ணெயில் சோப்பு செய்து ஓட்டல்களுக்கும், பீச் பக்கம் வெளிநாட்டுக்காரர்கள் வந்து வாங்கும் கடைகளுக்கும் அனுப்புகிறோம். கீழே எண்ணெய் ட்ரம்கள் வைக்கும் ஸ்டோர், கலவைக் கூடம், பேக்கிங் அறை. மாடியில் ரேக்குகள். எண்ணெயையும் காரத்தையும் கலந்து அச்சில் ஊற்றினால் மறுநாள் கெட்டியாகிவிடும். வில்லைகளாக அறுத்து மாடியில் நான்கு வாரம் காய வைத்தால்தான் அது விற்கிற சோப்பு. இதெல்லாம் இன்றைக்கு எனக்கு நன்றாகத் தெரியும். நான் சேர்ந்த முதல் மார்ச்சில் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை.

கலவைக் கூடத்துக்குப் பொறுப்பாளர் ஒருவர் இருந்தார். டவுனில் நூல் மில் ஓடிய காலத்தில் அங்கே வேலை பார்த்தவர். மில் மூடிய பிறகு இங்கே வந்தார். எண்ணெய் சூட்டைப் பாத்திரத்தின் மேல் கையை வைத்தே சொல்லிவிடுவார். நான் அவரை அண்ணே என்றேன். என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர், ஆனாலும் எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவர் என்னை ‘மேடம்’ என்று ஆரம்பித்து, இரண்டு வாரத்தில் ‘பாப்பா’வுக்கு வந்துவிட்டார்.

மார்ச் முப்பத்தொன்றாம் தேதி வருடக் கடைசிச் சரக்கு எண்ணிக்கை எடுத்தோம். காலையில் ஸ்டோரில் எண்ணெய் ட்ரம்களை எண்ணினேன். பிறகு பேக்கிங் அறையில் அட்டைப்பெட்டிகளை எண்ணினேன். என் தாளில் மூன்று கட்டங்கள் இருந்தன: மூலப்பொருள், பாதி வேலையில் நிற்கும் சரக்கு, முடிந்த சரக்கு. நடுக் கட்டம் மட்டும் காலியாக இருந்தது. மாடி தகரக் கூரை. மதியம் இரண்டு மணி. மேலே ஏறாமல், கலவைக் கூடத்து வாசலில் நின்றபடியே கேட்டேன்.

“அண்ணே, உங்க கிட்ட பாதியில ஏதாச்சும் நிக்குதா?”

அவர் கழுவிக் கவிழ்த்திருந்த பாத்திரத்தைக் காட்டினார். “ஒண்ணும் இல்ல பாப்பா. நேத்தே எல்லாத்தையும் ஊத்திட்டேன்.”

நான் ‘இல்லை’ என்று எழுதினேன். நான் கேட்டது கணக்கின் பாஷையில். அவர் பதில் சொன்னது பாத்திரத்தைப் பார்த்து. ஒரு பெரிய ஓட்டல் ஆர்டருக்காக அறுத்த பதினெட்டாயிரம் சோப்பு அந்த நேரத்தில் என் தலைக்கு மேலே காய்ந்துகொண்டிருந்தது. பதினைந்து படி ஏறியிருந்தால் பார்த்திருப்பேன்.

மே மாதம் உற்பத்திக் கணக்கைத் தயார் செய்தேன். வருட ஆரம்பத்தில் இருந்த எண்ணெய், வாங்கியது, அதிலிருந்து மிச்சத்தைக் கழித்தால் செலவான மூலப்பொருள். அதோடு கூலி, கரண்ட், தொழிற்சாலைச் செலவு. போன வருடம் பாதியில் நின்ற சரக்கு என்று நாற்பதாயிரம் ரூபாய் பழைய ஏட்டில் இருந்தது. அது என்ன சரக்கு என்று யாரையும் கேட்காமல் அப்படியே கொண்டுவந்து கூட்டினேன். இந்த வருடம் பாதியில் நிற்பதைக் கழிக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் போட்டேன். வந்த தொகைதான் முடிந்த சோப்புகளின் அடக்கச் செலவு. அதை வியாபாரக் கணக்குக்கு மாற்றினேன். மொத்த லாபம் போன வருடத்தைவிட இறங்கியிருந்தது.

கம்பெனியை நடத்துவது ஒரு அம்மா. தாளைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“ஒரு சோப்பு முப்பத்தொரு ரூபாய்ல முடியணும். முப்பத்திமூணு காட்டுது. ரெண்டு லட்சம் சோப்பு போட்டிருக்கோம். ரெண்டு ரூபா எங்க போச்சி?”

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். கெட்டிக்காரத்தனத்தைக் காட்டிக்கொள்ளும் ஆசை எனக்கு. செலவான எண்ணெயை எடைக்கு மாற்றினேன். ஒரு சோப்புக்கு எழுபது கிராம் என்று பெருக்கி, முடிந்த சோப்புகளோடு ஒப்பிட்டேன். ஆறு ட்ரம் எண்ணெய்க்கு மேல் கணக்கில் வராமல் உதைத்தது. அதை மஞ்சள் மார்க்கர் போட்டுக் கொண்டுபோய் வைத்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை நினைத்தால் இப்போதும் காது சூடாகிறது.

“ஸ்டோர் சாவி யார்கிட்ட இருக்கு?” என்று கேட்டார் அம்மா.

அவருக்கே தெரியும். நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும், அண்ணனிடம் என்று சொன்னேன்.

அவரைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். கையைத் துடைத்தபடி வந்து நின்றார். அம்மா குரலை உயர்த்தவில்லை. ஆறு ட்ரம் கணக்கில் இல்லை, என்ன ஆயிற்று என்று மட்டும் கேட்டார்.

“வந்த எண்ண எல்லாம் சோப்பாத்தாம்மா ஆச்சி. வேற எங்க போவும்?”

“ஆன சோப்பு கணக்குல வரணும் இல்ல? மெஷின்ல, பாத்திரத்துல ஏதாவது மிச்சம் இருந்துதா?”

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். சொன்னேன்.

“நான் அன்னிக்கே கேட்டேன் மேடம். அண்ணனே ஒண்ணும் இல்லன்னாரு.”

மார்ச்சில் காய்ந்த சோப்பு ஏப்ரல் கடைசியிலேயே பெட்டியில் ஏறி ஓட்டலுக்குப் போய்விட்டது. மே மாதம் காட்டுவதற்கு அங்கே எதுவும் இல்லை.

“மில்லுல இருவது வருஷம் இருந்தேன். ஒரு நூலு வெளிய எடுத்தது இல்ல.” அவ்வளவுதான் சொன்னார். சாவிக்கொத்தை மேசையில் வைத்தார். அம்மா போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் இல்லை. சாயங்காலம் அவர் டிபன் பையை எடுத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்ததை ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தேன். மறுநாள் வரவில்லை. எண்ணெயை விற்றுவிட்டார் என்று பேக்கிங் அறையில் பேச்சு கிளம்பியது.

ஜூலையில் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள்.

“மேடம், ஆரம்பத்துல பாதி சரக்கு நாப்பதாயிரம் இருக்கு. முடிவுல இல்லன்னு போட்டிருக்கீங்க. சோப்பு காய வைப்பீங்க இல்ல? வருஷக் கடைசியில ஒண்ணுமே காயலயா?”

கலவைக் கூடத்துக் குறிப்பு நோட்டை எடுத்துப் பார்த்தேன். மார்ச் கடைசி வாரத்தில் ஊற்றியது, அறுத்தது, மாடிக்கு ஏற்றியது எல்லாம் அண்ணன் கையெழுத்தில் தேதி வாரியாக இருந்தது. பதினெட்டாயிரம். சோப்பு ஒன்றுக்கு அதுவரை ஆன செலவு இருபத்திரண்டு ரூபாய். நான்கு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதை உற்பத்திக் கணக்கில் கழித்ததும் அடக்கச் செலவு முப்பத்தொன்றுக்கு வந்து நின்றது. எண்ணெயும் சரியாகப் போனது. ஆறு ட்ரம்மும் அந்த ரேக்குகளில்தான் இருந்திருக்கிறது.

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். நான் செய்தது வேறு. தாளைத் திருத்தி அடித்தேன். “ஆடிட்டர் சில மாத்தம் சொன்னாங்க மேடம், லாபம் ஏறியிருக்கு” என்று அம்மாவிடம் கொடுத்தேன். அவர் லாபத்தைப் பார்த்தார், சந்தோஷப்பட்டார், கையெழுத்துப் போட்டார். ஆறு ட்ரம்மை அவர் நினைக்கவில்லை. நான் நினைவுபடுத்தவில்லை. வேலை போய்விடும் என்ற பயம் என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் பாதிதான். தப்பு செய்தவள் என்று அந்த அறையில் நிற்க எனக்கு மனமில்லை. அண்ணன் அங்கேதான் நின்றார், தப்பே செய்யாமல்.

இரண்டு மாதம் அப்படியே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது வெங்காய மண்டி வாசலில் அண்ணனைப் பார்த்தேன். தோளில் துண்டு போட்டு மூட்டைகளுக்கு எடை போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிப் போய்விடலாம் என்று நினைப்பதற்குள் பார்த்துவிட்டார்.

“பாப்பா, நல்லா இருக்கியா? வருஷக் கணக்கு முடிஞ்சிதா?”

“முடிஞ்சிது அண்ணே.”

“அந்த ஆறு ட்ரம் கெடச்சிதா?”

கேலியாகக் கேட்கவில்லை. அவருக்கு நிஜமாகவே தெரிய வேண்டியிருந்தது. நாலு மாதமாக மனசுக்குள் தேடியிருப்பார் போல. நான் மீன் பையைக் கை மாற்றிக்கொண்டு, “பஸ்ஸுக்கு நேரமாச்சி அண்ணே” என்று சொல்லிவிட்டு நடந்தேன். என் வீடு அங்கிருந்து நடக்கிற தூரம்தான். அது அவருக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலை அம்மா வந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். மே மாதத் தாளையும் ஜூலைத் தாளையும் அண்ணனுடைய நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். எங்கே பூஜ்யம் போட்டேன் என்று விரலால் காட்டினேன்.

அம்மா மூன்றையும் ஒவ்வொன்றாகப் புரட்டினார். “ஜூலையிலயே தெரிஞ்சிருக்கு உனக்கு.”

“தெரியும் மேடம்.”

“நானும் ஒரு தடவ மேல ஏறிப் பாத்திருக்கலாம். நோட்ட வாங்கிப் பாத்திருக்கலாம்” என்றார். பிறகு என்னைப் பார்க்காமலே, “அவருக்குப் போன் போடு” என்றார்.

ஸ்பீக்கரில் போட்டேன். அம்மா மன்னிப்புக் கேட்டார். திரும்ப வரச் சொன்னார். இந்த மாதங்களுக்கான சம்பளமும் தருவதாகச் சொன்னார். மறுபக்கம் மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது.

“சம்பளம் வோணாம்மா, இங்க குடுக்கறாங்க. நான் வரல. ஒண்ணு மட்டும் செய்ங்க. பேக்கிங்ல இருக்குற பொண்ணுங்க கிட்ட சொல்லிடுங்க. எங்க தெருவுலயும் ரெண்டு பேரு அங்கதான் வேல செய்யறாங்க.”

நானே சொல்கிறேன் என்றேன். மதியச் சாப்பாட்டுக்கு முன் எட்டுப் பெண்கள் மேசையைச் சுற்றி நின்றார்கள். எண்ணெய் வாங்கினால் ஒரு பக்கம் ஏறும், மாடியில் காயும் சோப்பை மறுபக்கம் கழிக்க வேண்டும், நான் கழிக்கவில்லை, அதனால் எண்ணெய் காணாமல் போனது போலத் தெரிந்தது என்று சொன்னேன். எண்ணெயை யாரும் எடுக்கவில்லை, தப்பு என்னுடையது என்றேன்.

கடைசியில் நின்ற ஒரு அக்கா கேட்டாள்: “அந்த ஓட்டல் சோப்பா? நாங்கதான மார்ச்சு மாசம் மேல தூக்கிட்டுப் போயி அடுக்குனோம். எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?”

அவர்கள் டிபன் டப்பாக்களைத் திறந்தார்கள். வழக்கமாக எனக்கு ஒரு பக்கம் நகர்ந்து இடம் விடுவார்கள். அன்றைக்கு யாரும் நகரவில்லை. நான் ஆபீஸுக்குத் திரும்பிப் போய்த் தனியாகச் சாப்பிட்டேன்.

அம்மா என்னை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை. அண்ணன் வெங்காய மண்டியிலேயே இருக்கிறார். அம்மா அனுப்பிய சம்பளக் கவரை இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டார். ஒரு நாள் நானே மண்டிக்குப் போய் அவர் முன்னால் நின்று நடந்ததைச் சொன்னேன். எடைத்தட்டைத் துடைத்தபடியே கேட்டார். “சரி பாப்பா” என்றார். உட்காரச் சொல்லவில்லை. அடுத்த மூட்டை வந்ததும் அதன் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.